பச்சை சிவப்பை வென்றது, ஆனாலும் சிவப்பே மேலே

சென்ற கோடை விடுமுறையில், மாங்காய் ஏற்றிய லாரிகள் கிருஷ்ணகிரிச் சாலையை அடைத்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், என் அக்காள் மகனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு புகைப்படம் வந்தது. காரிமங்கலம் பக்கத்தில் ஐந்து அணிகள் ஆடிய ஒரு சிறிய கால்பந்து லீக்கின் புள்ளிப் பட்டியல் அது. மைதானத்துச் சுவரில் ஒட்டிய சார்ட் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியதை, வெயில் சாயும் நேரத்தில் யாரோ பக்கவாட்டில் நின்று எடுத்திருந்தார்கள். படத்துக்குக் கீழே ஒரே கேள்விதான் இருந்தது: "மாமா, நாங்க ஃபைனல் போறோமா இல்லையா?"

நான் தருமபுரியில் முப்பது ஆண்டுகள் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன். கால்பந்தில் என் அறிவு தொலைக்காட்சி அளவுதான். ஆனால் ஒரு புள்ளிப் பட்டியல் என்பது கால்பந்தைவிடப் பேரேட்டுக்கே நெருங்கிய உறவு என்பதை அன்றிரவுதான் முழுமையாக உணர்ந்தேன். ஓர் அணி அடித்த ஒவ்வொரு கோலும் இன்னோர் அணி வாங்கிய கோல். ஒன்றின் வெற்றி மற்றொன்றின் தோல்வி. வரவும் பற்றும் சமமாக வராவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது.

அணிகளின் பெயர்களை எழுதுவது சரியாக இராது என்பதால் சட்டையின் நிறத்தைக் கொண்டே குறிப்பிடுகிறேன். மருமகன் ஆடியது பச்சை. ஐந்து அணிகளும் ஒன்றோடொன்று ஒரு முறை ஆடியாகிவிட்டது. மொத்தம் பத்து ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1. முதல் இரண்டு இடங்களில் வரும் அணிகள் இறுதி ஆட்டத்துக்குப் போகும். படத்தைப் பெரிதாக்கி, கண்ணுக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடியே ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

| அணி | ஆட்டம் | வெற்றி | சமன் | தோல்வி | அடித்தது | வாங்கியது | வித்தியாசம் | புள்ளி |
|---|---|---|---|---|---|---|---|---|
| நீலம் | 4 | 2 | 1 | 1 | 7 | 4 | 3 | 8 |
| பச்சை | 4 | 2 | 1 | 1 | 3 | 5 | 3 | 7 |
| சிவப்பு | 4 | 2 | 1 | 1 | 3 | 7 | 2 | 7 |
| மஞ்சள் | 4 | 1 | 2 | 1 | 4 | 7 | 3 | 5 |
| வெள்ளை | 4 | 0 | 1 | 3 | 2 | 7 | 5 | 1 |

தெரிந்தபடியே எழுதிக்கொள்வது முக்கியம். எழுதும்போதே "இது எட்டாகத்தான் இருக்கும்" என்று மனம் திருத்திவிட்டால், பிறகு சரிபார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. சாய்வாக எடுத்த படத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. இடப்பக்கம் அணியின் பெயரில் தொடங்கும் கண், வலப்பக்கம் புள்ளிக் கட்டத்துக்குப் போய்ச் சேருவதற்குள் ஒரு வரிசை இறங்கிவிடும். திரையின்மேல் ஒரு பழைய அடையாள அட்டையின் விளிம்பைக் கோட்டுக்கு இணையாக வைத்து, வரிசை வரிசையாகப் படித்தேன்.

முதலில் எளிய கூட்டல்கள். ஆட்டங்கள் கூட்டினால் 20. பத்து ஆட்டங்களில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு அணிகள், ஆகவே சரி. வெற்றிகள் 7, தோல்விகளும் 7. சமன்கள் 6. ஒரு சமன் இரண்டு அணிகளின் வரிசையிலும் ஏறும் என்பதால் இந்தக் கூட்டுத்தொகை எப்போதும் இரட்டைப்படையாகத்தான் இருக்க வேண்டும். 5 என்றோ 7 என்றோ வந்தால் மேற்கொண்டு பார்க்கவே தேவையில்லை, பட்டியல் தவறு. இங்கே 6 என்றால் மூன்று ஆட்டங்கள் சமன், ஏழு ஆட்டங்களில் முடிவு வந்திருக்கிறது. இந்த அளவில் படமும் எழுதியவரும் நம்பத் தகுந்தவர்களாகவே தெரிந்தார்கள்.

கோல் கட்டங்களில்தான் தடுமாற்றம் தொடங்கியது. அடித்த கோல்களைக் கூட்டினால் 19. வாங்கிய கோல்கள் 30. காற்றிலிருந்து பதினொரு கோல்கள் யார் வலையிலும் விழ முடியாது. இப்படிப்பட்ட நேரத்தில் நெடுக்குக் கூட்டல் பிழை இருக்கிறது என்று மட்டும் சொல்லும், எங்கே என்று சொல்லாது. இடத்தைக் காட்டுவது குறுக்குக் கணக்கு. ஒவ்வொரு வரிசையிலும் அடித்ததிலிருந்து வாங்கியதைக் கழித்தால் வித்தியாசம் வர வேண்டும். நீலத்துக்கு 7-இல் 4 போக 3, சரி. பச்சைக்கு 3-இல் 5 போக –2 வருகிறது, பட்டியலிலோ 3 என்று இருக்கிறது. சிவப்புக்கு 3-இல் 7 போக –4, பட்டியலில் 2.

பச்சையின் கட்டத்தை மீண்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். வெயில் பளபளப்பு அந்த இலக்கத்தின் இடப்பக்கத்தை அழித்திருந்தது. இடப்பக்கம் அழிந்த 8 என்பது 3-ஐப் போலவே தெரியும். 8 என்று வைத்தால் 8-இல் 5 போக 3, வரிசை பொருந்துகிறது. சிவப்பின் 7 வேறு வகை. எழுதியவர் ஒன்றுக்குத் தலையில் ஒரு சிறு கொக்கி போடும் பழக்கம் உள்ளவர். சமன் கட்டத்து 1-களிலும் அந்தக் கொக்கி இருந்தது, ஆனால் அங்கே 7 வர வாய்ப்பே இல்லாததால் கண் தானாகவே 1 என்று படித்துவிட்டது. மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் எழுதிய உண்மையான 7-இன் கொக்கி நீளமானது. ஒப்பிட்டுப் பார்த்ததும் சிவப்பு வாங்கியது 1 என்பது உறுதியாயிற்று. 3-இல் 1 போக 2.

இரண்டு திருத்தங்களையும் செய்துவிட்டுக் கூட்டினால் அடித்தது 24, வாங்கியதும் 24. இரண்டு இலக்கங்களையும் வரிசைக் கணக்கை வைத்துத் தனித்தனியாகத் திருத்தியிருக்க, அவற்றைப் பற்றி ஒன்றும் அறியாத நெடுக்குக் கூட்டல் தானாகவே பொருந்தி வருகிறது என்றால், அது தற்செயலாக இருப்பது அரிது. வித்தியாசக் கட்டத்தில் மஞ்சளின் 3-க்கும் வெள்ளையின் 5-க்கும் முன்னால் இருந்த கழித்தல் குறிகள் தாளில் போட்டிருந்த கோட்டோடு கலந்து மறைந்துவிட்டன. 4-இல் 7 போக –3, 2-இல் 7 போக –5. இப்போது வித்தியாசங்களைக் கூட்டினால் 3, 3, 2, –3, –5 சேர்ந்து சுழியம்.

இதுவரை கண்டவை படத்தின் பிழைகள். அடுத்தது எழுதியவரின் பிழை. புள்ளிகளைக் கூட்டினால் 28 வந்தது. முடிவு கண்ட ஆட்டம் ஒவ்வொன்றும் பட்டியலில் 3 புள்ளிகளைச் சேர்க்கிறது. சமனான ஆட்டம் 2 புள்ளிகளை மட்டுமே சேர்க்கிறது. ஏழு முடிவுகளுக்கு 21, மூன்று சமன்களுக்கு 6, ஆக 27 தான் இருக்க முடியும். ஒரு புள்ளி கூடுதல். நீலத்தின் வரிசையைப் பார்த்தால் இரண்டு வெற்றிகளுக்கு 6, ஒரு சமனுக்கு 1, மொத்தம் 7. தாளிலோ ஐயத்துக்கு இடமில்லாமல் 8 என்று தடித்த எழுத்தில் இருந்தது. தோல்விக் கட்டத்தின் 1-ஐயும் சேர்த்துக் கூட்டிவிட்டார் என்றுதான் தோன்றியது. 6, 1, 1 என்று அடுத்தடுத்து இருக்கும்போது கை தானாகக் கூட்டிவிடும். நானே மாதக் கடைசியில் இப்படி எத்தனையோ முறை செய்திருக்கிறேன். ஆனால் அந்த ஒரு புள்ளி ஒரு பெரிய விஷயத்தை மறைத்துவிட்டது. 8 என்று இருந்தவரை நீலம் தனியாக முதலிடத்தில் நின்றது. 7 என்று ஆனதும் நீலம், பச்சை, சிவப்பு மூன்றும் ஒரே புள்ளியில் நின்றன.

மூன்று அணிகள், இரண்டு இடங்கள். மருமகனை அழைத்துச் சொன்னதும் அவன் துள்ளிவிட்டான். "ரெட் டீமை நாங்க 1-0 ஜெயிச்சிருக்கோம் மாமா. அப்ப நாங்கதான மேல?"

அவன் வாதம் இரண்டு அணிகள் சமமாக இருக்கும்போது செல்லும். மூன்று அணிகள் சமமாக இருக்கும்போது அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்க்க வேண்டுமானால் ஆட்டங்களின் முடிவுகள் தேவை. புள்ளிப் பட்டியலில் அவை இல்லை. பட்டியலிலிருந்து கொஞ்சம் ஊகிக்கலாம் என்பது உண்மைதான். சிவப்பு மொத்தமே ஒரு கோல்தான் வாங்கியிருக்கிறது, ஓர் ஆட்டத்தில் தோற்றும் இருக்கிறது. ஆகவே அந்தத் தோல்வி 0-1 ஆகத்தான் இருக்க வேண்டும், சமன் 0-0, இரண்டு வெற்றிகளிலும் சேர்த்து மூன்று கோல்கள் என்பதால் ஒன்று 2-0, மற்றொன்று 1-0. இவ்வளவும் பட்டியலே சொல்லிவிடுகிறது. ஆனால் 2-0 யாரிடம், 1-0 யாரிடம் என்பதை அது சொல்லாது. ஆட்டத்துக்கு ஆட்டம் நடுவர் கையெழுத்திட்ட சீட்டுகளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். இம்முறை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்பச் சொன்னேன். அப்படி அனுப்பினால் படம் சுருங்காமல் எடுத்தபடியே வரும்.

பத்துச் சீட்டுகளும் வந்தன. சமமாக நின்ற மூன்று அணிகளுக்கு இடையே நடந்த ஆட்டங்கள் மூன்று. சிவப்பு நீலத்தை 2-0 என்று வென்றது. நீலம் பச்சையை 3-1 என்று வென்றது. பச்சை சிவப்பை 1-0 என்று வென்றது. மற்ற இரு அணிகளோடு ஆடியதில், பச்சை மஞ்சளை 5-1 என்று அடித்து நொறுக்கி வெள்ளையோடு 1-1. நீலம் வெள்ளையை 3-0 வென்று மஞ்சளோடு 1-1. சிவப்பு வெள்ளையை 1-0 வென்று மஞ்சளோடு 0-0. மஞ்சள் வெள்ளையை 2-1 வென்றது. ஒவ்வொரு வரிசையையும் சீட்டுகளிலிருந்து மீண்டும் கட்டிப் பார்த்தேன். நான் திருத்திய பட்டியலோடு பொருந்தியது.

சீட்டுகளைக் கேட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேலே செய்த கூட்டல் சோதனைகள் எல்லாம் ஒருபக்கப் பிழையைத்தான் பிடிக்கும். பச்சை மஞ்சளை வென்ற 5-1 என்பதை யாராவது 4-1 என்று தவறாகக் கேட்டு, பச்சையின் வரிசையில் ஒரு கோல் குறைத்து, மஞ்சளின் வரிசையிலும் ஒன்று குறைத்து எழுதியிருந்தால், அடித்தது 23, வாங்கியது 23 என்று எல்லாம் அழகாகப் பொருந்தியிருக்கும். கணக்குப் புத்தகத்தில் வரவிலும் பற்றிலும் ஒரே தவறான தொகையை ஏற்றினால் இருப்புச் சோதனை அதைக் காட்டாது என்பதை எங்கள் தொழிலில் முதல் ஆண்டிலேயே கற்றுக்கொள்வோம். அங்கே மூல ரசீதைத்தான் பார்க்க வேண்டும். இங்கே நடுவரின் சீட்டு.

இப்போது மருமகனின் வாதத்துக்கு வருகிறேன். பச்சை சிவப்பை வென்றது, ஆகவே பச்சை மேலே. சரி. ஆனால் அதே நியாயத்தின்படி நீலம் பச்சையை வென்றது, ஆகவே நீலம் பச்சைக்கு மேலே. சிவப்பு நீலத்தை வென்றது, ஆகவே சிவப்பு நீலத்துக்கு மேலே. சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே நிற்கிறோம். அதனால்தான் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அணிகள் சமமாகும்போது 'நேருக்கு நேர்' என்பதை இரண்டிரண்டாகப் பார்ப்பதில்லை. சமமான அணிகளை மட்டும் தனியே எடுத்து, அவற்றுக்கு இடையே நடந்த ஆட்டங்களை மட்டும் கொண்டு ஒரு குட்டிப் பட்டியல் போடுவார்கள். மஞ்சளோடும் வெள்ளையோடும் ஆடியது அதில் வராது.

அந்தக் குட்டிப் பட்டியலில் மூன்று அணிகளுக்கும் ஒரு வெற்றி, ஒரு தோல்வி, 3 புள்ளி. சிவப்பு அடித்தது 2, வாங்கியது 1, வித்தியாசம் +1. நீலம் அடித்தது 3, வாங்கியதும் 3, வித்தியாசம் சுழியம். பச்சை அடித்தது 2, வாங்கியது 3, வித்தியாசம் –1. ஆக வரிசை சிவப்பு, நீலம், பச்சை. முழுப் பட்டியலின் கோல் வித்தியாசத்தை எடுத்தாலோ பச்சைக்கும் நீலத்துக்கும் +3, சிவப்புக்கு +2. அடித்த கோல்களில் பச்சை 8, நீலம் 7. ஆக வரிசை பச்சை, நீலம், சிவப்பு. ஒரே ஆட்டங்கள், ஒரே கோல்கள். எந்த விதியை முதலில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து வரிசை தலைகீழாகிறது. நீலம் எப்படிப் பார்த்தாலும் இறுதி ஆட்டத்தில் இருக்கிறது. கூடுதலாகக் கிடைத்த ஒரு புள்ளியை இழந்ததால் நீலத்துக்கு ஒரு நட்டமும் இல்லை என்பது வேடிக்கைதான். போட்டியெல்லாம் பச்சைக்கும் சிவப்புக்கும் இடையே.

பெரிய போட்டிகளிலும் இந்த இரண்டு வழிகளும் உண்டு. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் கோல் வித்தியாசம்தான் முதலில்; 2011-12 பருவத்தில் மான்செஸ்டரின் இரண்டு அணிகளும் 89 புள்ளிகளில் நிற்க, +64 வைத்திருந்த சிட்டி, +56 வைத்திருந்த யுனைடெடை முந்திக் கோப்பையை எடுத்தது. ஐரோப்பியக் கோப்பையிலோ குட்டிப் பட்டியல் முதலில். 2004-இல் ஸ்வீடன், டென்மார்க், இத்தாலி மூன்றும் 5 புள்ளிகளில் நின்றன. இத்தாலியும் டென்மார்க்கும் 0-0, இத்தாலியும் ஸ்வீடனும் 1-1, டென்மார்க்கும் ஸ்வீடனும் 2-2. குட்டிப் பட்டியலில் எல்லாருக்கும் 2 புள்ளி, வித்தியாசம் சுழியம். அடித்த கோல்கள் மட்டும் ஸ்வீடன் 3, டென்மார்க் 2, இத்தாலி 1. ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் இத்தாலி ஊர் திரும்பியது.

எங்கள் லீக்கின் விதி எது? விதித்தாளையும் மருமகன் படமாகவே அனுப்பினான். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்த தாள். "புள்ளிகள் சமமானால்" என்று தொடங்கிய பகுதியில் முதல் வரி, "சமமான அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் புள்ளிகள்" என்று தெளிவாக இருந்தது. அடுத்த வரி மடிப்பில் விழுந்து வெளுத்திருந்தது. அதற்கும் கீழே, "மொத்தக் கோல் வித்தியாசம்" என்று இருந்தது.

நடுவில் வரியே இல்லை என்று வைத்துக்கொண்டால் பச்சை இறுதி ஆட்டத்துக்குப் போகிறது. குட்டிப் பட்டியலில் புள்ளிகள் சமம், ஆகவே நேராக மொத்தக் கோல் வித்தியாசம். அந்த வெளுத்த வரி என்னவோ அதில்தான் எல்லாம் இருந்தது. எனக்கும் அது வெறும் மடிப்புக் கோடாகவே இருக்கக் கூடாதா என்று ஒரு கணம் தோன்றியது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வரிகளுக்கு இடப்பட்டிருந்த எண்களில் மேலே 1 இருந்தது, கீழே 3 இருந்தது. இரண்டாம் எண்ணுக்கு ஒரு வரி இருந்தே ஆக வேண்டும். நடத்துபவரிடம் இருக்கும் மடியாத தாளை எடுத்து அனுப்பச் சொன்னேன். அரை மணி நேரத்தில் வந்தது: "2. அதே ஆட்டங்களின் கோல் வித்தியாசம்."

சிவப்பும் நீலமும் இறுதி ஆட்டம். நீலத்தின் புள்ளியைத் திருத்தும் விவரத்தையும், கூட்டல் 27 ஆக இருக்க வேண்டிய காரணத்தையும் நடத்துபவருக்கு நான்கு வரிகளில் எழுதி அனுப்பினேன். மறுநாள் காலையில் சுவரில் புதிய தாள் ஒட்டப்பட்டதாகச் சொன்னார்கள்.

மருமகனுக்கு ஆறவில்லை. சிவப்பை வென்றவர்கள் நாங்கள், மஞ்சளுக்கு ஐந்து கோல் போட்டவர்கள் நாங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். மஞ்சளுக்குப் போட்ட ஐந்தில் ஒன்றுகூட இந்தக் கணக்கில் ஏறாது என்று விளக்கிவிட்டு, குட்டிப் பட்டியலை இன்னொரு முறை போட்டுக் காட்டினேன். நீலத்திடம் 3-1 என்பதற்குப் பதிலாக 2-1 என்று தோற்றிருந்தால் பச்சைக்கு அடித்தது 2, வாங்கியது 2, வித்தியாசம் சுழியம். நீலத்துக்கு அடித்தது 2, வாங்கியது 3, வித்தியாசம் –1. வரிசை சிவப்பு, பச்சை, நீலம். அதே தோல்வி, அதே 7 புள்ளி, ஆனால் இறுதி ஆட்டம் உண்டு.

"அந்த மூணாவது கோல் எப்ப விழுந்துச்சு?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "கடைசி நிமிஷத்துல மாமா. எங்களுக்கு ஒரு கார்னர் கெடச்சுது. எப்படியும் தோக்கப் போறோம், இன்னொண்ணு போட்டுப் பாக்கலாம்னு எங்க கோலி கூட முன்னாடி ஓடி வந்துட்டான்."